மிஷின் விழுங்கிய வரி

மிஷின் செய்த மொழிபெயர்ப்பைத் திருத்திக் கொடுக்கிறேன் என்று போர்டு மாட்டியபோது கோர்ட் வாசலில் சிரிக்காத ஆள் இல்லை. "மிஷின் எழுதுறதைத் திருத்த ஒரு ஆளா? அப்ப மிஷின் எதுக்கு?" என்று ஒரு பெரிய வக்கீல் என் முகத்துக்கு நேராகவே கேட்டார். எனக்கு மூக்கின் நுனியில் கோபம் உட்கார்ந்திருக்கும். "உங்க ஜூனியர் எழுதுறதை நீங்க திருத்துறது இல்லையா சார்? அது மாதிரிதான்" என்றேன். அவர் அதற்குப் பிறகு ஆறு மாதம் எனக்கு வேலையே கொடுக்கவில்லை. போகட்டும்.

கும்பகோணத்தில் கோர்ட்டுக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே மாடியில் என் அறை. சட்டம் படித்தேன், ஆனால் கறுப்புக் கோட்டு போட்டு வாதாடவில்லை. எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். படித்து முடித்த கையோடு சம்பாதிக்க வேண்டியிருந்தது. அந்தச் சமயத்தில் ஊரில் பாதிப் பேர் வளைகுடாவுக்குப் பறந்துகொண்டிருந்தார்கள். வேலை ஒப்பந்தம், திருமணச் சான்று, பவர் பத்திரம் என்று எல்லாவற்றையும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மொழிபெயர்க்க ஆள் தேவைப்பட்டது. அப்படித்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். வந்தவள் வந்தவள்தான், திரும்பிப் போகவில்லை.

மிஷின் வந்தபோது நான் அழவில்லை. பத்துப் பக்கத்தைப் பத்து நொடியில் தமிழாக்கிக் கொடுக்கிறது, எனக்குக் கை வலி மிச்சம். ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு. பெண் பார்க்க வந்த வீட்டில் தெரியாத விஷயத்தையும் தெரிந்த மாதிரியே பேசும் மாப்பிள்ளை போல அது எதையும் தயங்காமல் சொல்லும். அதனால் அதற்கு மாப்பிள்ளை என்றே பெயர் வைத்துவிட்டேன். ஒப்பந்தத்தில் வருகிற தரப்பினரை எல்லாம் "முதல் கட்சி", "இரண்டாம் கட்சி" என்று தேர்தலுக்கு நிறுத்திவிடும். "உரிமைகளுக்குப் பங்கம் வராமல்" என்று வர வேண்டிய இடத்தில் "பாரபட்சமின்றி" என்று போடும். "யோவ் மாப்பிள்ளை" என்று நான் தனியாக உட்கார்ந்து திட்டுவது கீழே ஜெராக்ஸ் கடை வரைக்கும் கேட்கும் என்று சொல்வார்கள்.

சில வருடங்களுக்கு முன்பு, ஆற்றில் தண்ணீர் வந்து வாய்க்கால்களுக்குப் பிரிந்துகொண்டிருந்த சமயம். எனக்கு அடிக்கடி வேலை தரும் ஒரு வக்கீல் மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார். என்னைவிட வயதில் சின்னவர். நல்ல பையன்தான், ஆனால் எல்லாவற்றிலும் அவசரம்.

"அக்கா, ஒரு ஒப்பந்தம். ஏற்கெனவே தமிழ் இருக்கு, மிஷின்ல போட்டாச்சு. சும்மா ஒரு பாலீஷ் போட்டுக் குடுங்க."

"பாலீஷ் போட நான் என்ன பித்தளைப் பாத்திரக் கடையா வச்சிருக்கேன்? விஷயத்தைச் சொல்லுங்க."

விஷயம் இதுதான். நன்னிலம் பக்கம் ஒரு கிராமத்தில் ஒரு பாய் குடும்பத்துக்குக் கொஞ்சம் நஞ்சை நிலமும் அதை ஒட்டி ஒரு திடலும் இருந்தன. திடல் என்றால் வயலைவிட உயரமான மேட்டு இடம், நாலு தென்னை நிற்கும். அந்தக் குடும்பத்தின் மகன் துபாயில் கடை வைத்து அங்கேயே தங்கிவிட்டவர். நஞ்சையை அவருடைய அப்பா காலத்திலிருந்து ஒரு குடும்பம் குத்தகைக்குச் சாகுபடி செய்கிறது. இப்போது அந்த வீட்டு மருமகள்தான் செய்கிறார். கணவர் குவைத்தில் டிரைவர். தாலுகா ஆபீஸில் உள்ள குத்தகைப் பதிவேட்டில் அந்தப் பெண்ணின் பெயர்தான் இருக்கிறது. திடலில் நெல் உலர்த்தும் களமும் கிடங்கும் போட ஒரு கம்பெனி வந்தது. லாரி போக வயல் ஓரமாக வழி வேண்டும். அதனால் நில உரிமையாளர், கம்பெனி, அந்தப் பெண் என்று மூன்று பேரும் கையெழுத்துப் போடும்படி ஒரு ஒப்பந்தம் ஆங்கிலத்தில் தயாரானது. வக்கீல் உரிமையாளருக்கு ஆஜரானவர்.

"அந்த அம்மா கையெழுத்துப் போட மாட்டேங்குது அக்கா. நல்லா இருந்துச்சு, திடீர்னு முரண்டு பிடிக்குது. துபாய்க்காரர் தமிழ்ல ஒரு காப்பி போன்ல அனுப்பிருக்காரு. அதைப் படிச்சதுலேர்ந்து ஒரே சண்டை. நாத்தங்காலே விடலையாம். 'என்னை வெளியேத்தப் போற நிலத்துல நான் எதுக்கு விதைக்கணும்'னு கேக்குதாம். பாய்க்கு ரொம்ப வருத்தம். 'எங்க வாப்பா காலத்துலேர்ந்து இருக்கறவங்க, இப்படிப் பேசுறாங்களே'ன்னு."

"போன்ல அனுப்பின தமிழ் எது?"

"மிஷின் போட்டதுதான்."

"திருத்தாமலா?"

வக்கீல் மின்விசிறியைப் பார்த்தார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. திருத்தாத மொழிபெயர்ப்பை ஒரு ஆளின் கையில் கொடுப்பது, வேகாத சோற்றைப் பந்தியில் பரிமாறுவது மாதிரி. சாப்பிட்டவருக்கு வயிறு வலித்தால் அவரையே குறை சொல்வார்கள். இதை அவரிடம் சொல்லவும் சொன்னேன். அவர் பாவம், ஃபைலை மெயிலில் அனுப்பிவிட்டுக் கீழே இறங்கினார்.

மறுநாள் காலையில் உட்கார்ந்தேன். திரையின் இடது பக்கம் ஆங்கிலம், வலது பக்கம் தமிழ். ஒவ்வொரு பத்தியும் நேருக்கு நேர் நிற்கும். என் வழக்கம், முதல் சுற்றில் தமிழைச் சரி செய்வது. "உரிமையாளரால் நிறுவனத்திற்கு வழங்கப்படுகின்ற அனுமதியால் ஏற்படுத்தப்படும் கட்டமைப்புகள்" என்று மாப்பிள்ளை ஆல் ஆலாகப் போட்டு விழுது விட்டிருந்தார். அதை எல்லாம் வெட்டி, யார் என்ன செய்ய வேண்டும் என்று படித்த உடனே தெரிகிற மாதிரி எழுதினேன். கட்சிகளைக் கலைத்துத் தரப்பினர் ஆக்கினேன். அது வரைக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது.

அந்தப் பெண்ணைக் குறிக்கிற சொல்லுக்கு வந்தபோதுதான் சிரிப்பு போனது. ஆங்கிலத்தில் அவருக்கு ஒரே பெயர்தான். முதல் பக்கத்திலேயே விளக்கம் கொடுத்து, கடைசி வரை அதே சொல். தமிழில் ஒரு பக்கத்தில் குத்தகைதாரர், அடுத்த பக்கத்தில் வாடகைதாரர், இன்னொரு இடத்தில் குடியிருப்பவர். வயலில் யார் குடியிருக்கிறார்கள், தவளையா? அது கூடப் பரவாயில்லை. கம்பெனிக்கும் ஆங்கிலத்தில் தனியாக ஒரு சொல் இருந்தது. மாப்பிள்ளை அதையும் குத்தகைதாரர் என்றே போட்டிருந்தார். திடலைக் குத்தகைக்கு எடுத்தவர் கம்பெனி, வயலைக் குத்தகைக்குச் செய்கிறவர் அந்தப் பெண். இரண்டு பேரும் ஒரே தலைப்பாகை கட்டிக்கொண்டு ஒப்பந்தம் முழுக்க நடமாடினார்கள்.

நடுவில் ஒரு பத்தி. "குத்தகைதாரர், காலம் முடிந்தவுடன், அனைத்துக் கட்டுமானங்களையும் அகற்றி இடத்தைக் காலி செய்து ஒப்படைக்க வேண்டும், தவறினால் சட்டப்படி வெளியேற்றப்படுவார்." இதைப் படித்துவிட்டுத்தான் அந்தப் பெண் நாற்றங்கால் விடாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று புரிந்தது. ஆங்கிலத்தைப் பார்த்தால், காலி செய்ய வேண்டியது கம்பெனி. திடலை. அந்தப் பெண்ணுக்கும் இந்தப் பத்திக்கும் சம்பந்தமே இல்லை. இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் இவ்வளவு காலமாக இருந்த நல்லுறவு, திருத்தாத ஒரு பக்கத்தால் நாறிப் போய்விட்டதே என்று அப்படி ஒரு ஆத்திரம்.

ஒரு தாளை எடுத்து எழுதி வைத்துக்கொண்டேன். வயலைச் செய்கிற பெண் எந்த இடத்தில் வந்தாலும் "சாகுபடி குத்தகைதாரர்". கம்பெனி எந்த இடத்தில் வந்தாலும் "நிறுவனம்". பாய் "நில உரிமையாளர்". சொல்லைத் தேடி ஒரே அடியாக மாற்றுகிற பொத்தான் இருக்கிறது. அதை நான் தொடுவதில்லை. ஒரே மாதிரி இருந்தால் போதும் என்று அதைத் தட்டினால், கம்பெனியும் அந்தப் பெண்ணும் நிரந்தரமாக ஒரே ஆள் ஆகிவிடுவார்கள், எந்தக் குத்தகைதாரர் எவர் என்று அப்புறம் ஆண்டவனாலும் பிரிக்க முடியாது. ஒவ்வொரு இடமாக ஆங்கிலத்தைப் பார்த்துப் பார்த்து மாற்றினேன். கண் பூத்துப் போனது.

வக்கீலுக்குப் போன் செய்து சொன்னேன். அவருக்கு அப்படி ஒரு நிம்மதி. "அடடா, இவ்வளவுதானாக்கா? இப்பவே அந்த அம்மாவுக்குச் சொல்லிடறேன்!"

"நான் இன்னும் முடிக்கலைங்க. ரெண்டாவது சுத்து பாக்கி இருக்கு. அது வரைக்கும் பொறுங்க" என்றேன். கேட்கிற ஆளா அவர்?

மத்தியானமே அந்தப் பெண் என் மாடிக்கு வந்துவிட்டார். நாற்பது வயது இருக்கும். பஸ் மாறி வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. கையில் போன், அதில் அந்தத் திருத்தாத தமிழ்.

"வக்கீல் சாரு சொன்னாரு. காலி பண்ண வேண்டியது நான் இல்லையாமே. உண்மையாம்மா?"

"அந்தப் பத்தியில நீங்க இல்லம்மா. அது கம்பெனிக்கு எழுதினது. இதுல தப்பாப் போட்டிருக்கு."

நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைத்தது வியர்வையையா கண்ணீரையா என்று நான் பார்க்கவில்லை. "பாய் வூட்டுப் பெரியவரு இருந்தப்போ ஒரு வார்த்தை அதிர்ந்து பேசினதில்லம்மா. அவரு மவன் இப்படி எழுதி அனுப்பிட்டாரேன்னு எனக்கு நெஞ்சே ஆறல. எங்க வூட்டுக்காரரு குவைத்துலேர்ந்து போன் பண்ணி, கையெழுத்துப் போட்டுடாத போட்டுடாதன்னு கத்துறாரு. பக்கத்து வயல்ல எல்லாம் நாத்து பச்சை பிடிச்சிருச்சு. நான் மட்டும் விதைக்கோட்டையைப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கேன்."

"இன்னும் ஒரு தடவை முழுசாப் பாக்கணும். பாத்துட்டுச் சொல்றேன், அப்புறம் கையெழுத்துப் போடுங்க. அது வரைக்கும் எதுலயும் போடாதீங்க."

"கையெழுத்தை நீங்க சொல்றப்போ போடறேன். விதையை இன்னைக்கே ஊற வச்சிடுறேன். காலம் போவுதுல்ல?" என்று எழுந்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்குக் காரணம் இல்லை. ஒருவருக்கு நல்ல சேதி சொல்லி அனுப்பிய சந்தோஷத்தில் அன்று ஒரு டீ அதிகமாகக் குடித்தேன்.

இரண்டாவது சுற்று எனக்கு வேறு மாதிரி. முதல் சுற்றில் தமிழைப் படித்து எங்கே இடிக்கிறதோ அங்கே நிற்பேன். இரண்டாவதில் தமிழை மறைத்துவிட்டு ஆங்கிலத்தில் ஒரு பத்தியைப் படிப்பேன். அதில் யாருக்கு என்ன உரிமை, யாருக்கு என்ன கடமை, எப்போது, எந்த நிபந்தனையில் என்று விரல் மடக்குவேன். அப்புறம் தமிழைத் திறந்து ஒவ்வொன்றும் வந்திருக்கிறதா என்று பார்ப்பேன். மிஷின் தமிழில் இடிக்கிற தப்பு பெரிய தப்பு இல்லை, அது தானே காட்டிக் கொடுத்துவிடும். வழவழவென்று ஓடுகிற வரியில்தான் ஆபத்து. இதை நான் பல வருடம் அடிபட்டுக் கற்றுக்கொண்டேன்.

கடைசிக்கு முந்தின பத்தி. தமிழ் இப்படி இருந்தது. "சாகுபடி குத்தகைதாரர் இந்த ஏற்பாட்டிற்கு முழுமனதுடன் சம்மதிப்பதுடன், நிறுவனத்தின் வாகனங்கள் செல்ல வழிவிடவும் ஒப்புக்கொள்கிறார்." அழகான வாக்கியம். முதல் சுற்றில் பெயர்களைத் தவிர இதில் ஒரு புள்ளி கூட நான் மாற்றவில்லை. "பரவாயில்லையே மாப்பிள்ளை" என்று பாராட்டிவிட்டுப் போயிருந்தேன்.

ஆங்கிலத்தில் படித்து விரல் மடக்கினேன். சம்மதம், ஒன்று. வழிவிடுவது, இரண்டு. அதற்குப் பிறகும் வாக்கியம் முடியவில்லை. நிறுவனத்தின் குத்தகைக் காலம் முடிந்ததும், பதிவேட்டில் உள்ள தன் பெயரை நீக்கச் சொல்லி அந்தப் பெண்ணே மனு கொடுக்க வேண்டும். சாகுபடி உரிமை அத்தனையையும் விட்டுக்கொடுக்க வேண்டும். தமிழில் இந்தப் பாதி இல்லவே இல்லை. நீளமான வாக்கியத்தில் பாதியை மிஷின் விழுங்கிவிட்டு, மீதியை வாய் துடைத்துக்கொண்டு அழகாக முடித்துவிட்டது. பக்கத்தைத் தள்ளிப் பார்த்தேன். இரண்டு மொழிக்கும் முரண்பாடு வந்தால் ஆங்கிலமே செல்லும் என்று கடைசிப் பத்தி சொன்னது.

அந்தப் பெண் பயந்த இடத்தில் அவருக்கு ஆபத்து இல்லை. ஆபத்து இருந்த இடத்தில் அவர் பயப்பட எதுவும் இல்லை. பயத்தை நான் தெளிய வைத்து அனுப்பியாகிவிட்டது. இனிமேல் அவர் சந்தோஷமாக வந்து கையெழுத்துப் போடுவார், போட்டுவிட்டு வயலை இழப்பார். அங்கே விதை நெல் வேறு ஊறிக்கொண்டிருக்கிறது.

வக்கீலை வரச் சொன்னேன். வந்தார். திரையைத் திருப்பிக் காட்டினேன். இடது பக்கம் நாலு வரி, வலது பக்கம் இரண்டு வரி. படித்துவிட்டு உதட்டைக் கடித்தார்.

"இது சென்னையில ஒரு மாதிரிப் பத்திரம்லேர்ந்து எடுத்தேன்க்கா. அதுல இருந்த வரி. இங்க ஒட்டிக்கிச்சு."

"ஒட்டிக்கிச்சா? இது என்ன நெருஞ்சி முள்ளா, சேலையில ஒட்டிக்கிட்டு வர்றதுக்கு?"

"கோவப்படாதீங்கக்கா. இப்பத்தான் அந்த அம்மா சரிங்குது. பாயும் சந்தோஷமா இருக்காரு. நீங்க இந்தத் தமிழை இப்படியே விட்டுடுங்களேன். மிஷின் விட்டதுதானே, நீங்க விட்டதா என்ன? இன்னொன்னு, அந்த வரி கோர்ட்ல நிக்கவும் நிக்காது. சாகுபடி குத்தகைதாரரை இப்படி ஒரு வரி எழுதி வாங்கி எல்லாம் வெளியேத்திட முடியாது. சட்டம் இருக்கு."

"நிக்காதுன்னா எதுக்கு எழுதுறீங்க? அது நிக்காதுன்னு சொல்றதுக்கு அந்தப் பொண்ணு எத்தனை வருஷம் கோர்ட்டுக்கு நடக்கணும்? நடவை விட்டுட்டு வருமா?"

நான் விடவில்லை. "மிஷின் கையெழுத்துப் போடாது தம்பி. 'உண்மையான மொழிபெயர்ப்பு'ன்னு கீழ நான்தான் போடறேன். ஆங்கிலத்துல இருக்குறது தமிழ்ல இருக்கணும். ஒண்ணு அந்தப் பாதியைத் தமிழ்ல எழுதறேன், அந்தம்மா படிச்சுட்டு முகத்துல விட்டெறியட்டும். இல்லேன்னா உங்க ஆளைக் கேட்டு ஆங்கிலத்துலேர்ந்து எடுங்க. ரெண்டுல ஒண்ணு. நடுவுல ஒளிச்சு வைக்கிற வேலை என்கிட்ட நடக்காது."

அவர் மேல் கோபம் இருந்தாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். மறுத்துப் பேசிக்கொண்டு நிற்காமல் அங்கேயே துபாய்க்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் வைத்தார். விஷயத்தை மறைக்காமல், தானே எடுத்த மாதிரிப் பத்திரம் என்பது வரை சொன்னார். அதற்காக அவரை இன்றைக்கும் எனக்குப் பிடிக்கும்.

அந்தப் பக்கம் கடையில் யாரோ பேரம் பேசுகிற சத்தம். பிறகு பாய் குரல். "நான் இங்கிலீஷ்ல எங்க படிச்சேன்? நீங்க சரின்னீங்க, நானும் சரின்னேன். தமிழ்ல வந்ததைத்தான் படிச்சேன். அதுல அப்படி ஒண்ணும் இல்லியே?"

"தமிழ்ல விட்டுப் போச்சுங்க" என்றேன்.

"நீங்க யாரும்மா?"

"மொழிபெயர்ப்பைத் திருத்துறவ. நீங்க படிச்ச தமிழ் தப்பு. அந்தம்மா படிச்சதும் அதே தமிழ்தான். அவங்க சண்டை போட்டது அதுக்குத்தான். அவங்களும் உங்க மேல வேணும்னு கோவப்படலை."

அவர், "என் மேல தப்பில்லேன்னு இருந்தேன்" என்றார். உடனே, "ஆனா ஒண்ணு கேக்கறேன் தப்பா நினைக்காதீங்க. நாளைக்கு என் புள்ளைங்க ஊருக்கு வந்து அந்த நிலத்தைக் கேட்டா? அந்த வரி இருந்தா அவங்களுக்கு நல்லதுதானே?" என்றார்.

நேர்மையான கேள்விதான். பெரிய மனுஷன் மாதிரி நடிக்காமல் கேட்டார். வக்கீல் சட்டத்தைச் சொல்லி, அந்த வரி பிள்ளைகளுக்கு நிலத்தைத் தராது, வழக்கைத்தான் தரும் என்று விளக்கினார். நான் ஒன்றுதான் சொன்னேன். "வரி வேணும்னா இருக்கட்டுங்க. நான் தமிழ்ல எழுதிடறேன். அதை அந்தம்மாகிட்ட நீங்களே படிச்சுக் காட்டுங்க."

"தொழுதுட்டுக் கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டார்.

அந்த இடைவெளி எனக்குப் பிடிக்கவே பிடிக்கவில்லை. வக்கீல் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டிருந்தார். நான் வேறு ஃபைலைத் திறந்துவைத்து ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். போன் வந்தது. "எடுத்துடுங்க. அந்தப் புள்ளைகிட்ட அந்த வரியைப் படிக்க எனக்கு வாய் வராது. எடுத்துடுங்க" என்றார் பாய். வக்கீல் என்னைப் பார்த்து நெஞ்சில் கை வைத்துச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது.

கையெழுத்துக்கு அந்தப் பெண் வந்த அன்று கம்பெனி ஆளும் வந்திருந்தார், ஆங்கிலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு. பாய் போனில். என் அறையில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். "படிக்கக் கேட்டுப் புரிந்துகொண்டேன்" என்று பத்திரத்தில் எழுதினால் மட்டும் போதாது. ஒரு பத்தியைப் படிப்பேன், கையெழுத்துப் போடுகிறவர் அதைத் தன் வாயால் எனக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் தமிழ் சரியில்லை என்று அர்த்தம், உட்கார்ந்து மாற்றுவேன். அன்றும் படித்தேன். "திடலைக் கம்பெனி எடுத்துக்குது, முடிஞ்சா கொட்டாயைப் பிரிச்சுக்கிட்டுப் போயிடும்" என்றார். "லாரிக்கு மேற்கு வரப்பு ஓரமா வழி. அறுப்பு நேரத்துல வராது." எல்லாம் சரியாக வந்தது.

நீக்கின வரியைப் பற்றியும் சொன்னேன். சொல்லாமல் விடலாம், விட மனசு வரவில்லை. ஆங்கிலத்தில் இப்படி ஒன்று இருந்தது, தமிழில் விட்டுப்போயிருந்தது, பாய் எடுக்கச் சொல்லிவிட்டார், இப்போது இரண்டிலும் இல்லை என்றேன். வக்கீல் தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பெண் காகிதத்தை வாங்கி அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முன்னாடியும் தமிழ்ல இல்ல. இப்பவும் இல்ல. எனக்கு ரெண்டும் ஒரே மாதிரிதானேம்மா தெரியுது? இல்லாததை நான் எப்படி நம்புறது? எம் பேரு அப்படியே இருக்கும்னு எழுதிக் குடுத்துடுங்களேன்."

கம்பெனி ஆள் கடிகாரத்தைப் பார்த்தார். எனக்குப் பளிச்சென்று ஒரு சந்தோஷம். அந்த ஒப்பந்தத்தில் அது வரைக்கும் எல்லா வரியும் ஆங்கிலத்தில் பிறந்து தமிழுக்கு வந்தவை. நான் அவரைக் கேட்டுக் கேட்டு, அங்கேயே தமிழில் தட்டினேன். "நிறுவனத்தின் குத்தகை முடிந்தாலும் முடியாவிட்டாலும் சாகுபடி குத்தகைதாரரின் பெயர் குத்தகைப் பதிவேட்டில் அப்படியே தொடரும். அவருடைய சாகுபடி உரிமை இந்த ஒப்பந்தத்தால் எந்த வகையிலும் பாதிக்கப்படாது." அதைப் போனில் பாய்க்குப் படித்துக் காட்டினேன். கம்பெனி ஆளும் தலையாட்டினார், அவருக்கு வழிதானே வேண்டும். வக்கீல் கடைசிப் பத்தியைத் தானாகவே கேட்டு வாங்கி, இரண்டு மொழியும் சமமாகச் செல்லும், சந்தேகம் வந்தால் சாகுபடி குத்தகைதாரருக்குத் தமிழே செல்லும் என்று மாற்றினார்.

பிறகு அந்தத் தமிழ் வரியை மிஷினிடம் கொடுத்தேன், ஆங்கிலத்துக்கு. வந்ததை விரல் மடக்கிச் சரிபார்த்தேன். பெயர், பதிவேடு, உரிமை, பாதிப்பு இல்லை, எல்லாம் இருந்தது. அவரைக் குறிக்கிற சொல்லை மட்டும் முதல் பக்கத்துச் சொல்லோடு பொருத்தினேன். வேறு எதையும் தொட வேண்டியிருக்கவில்லை.

புதுப் பக்கத்தை அச்சடித்து அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன், அந்த வரியைப் போட்டோ எடுத்து வக்கீல் துபாய்க்கும் அனுப்பினார். அந்தப் பெண் என்னைப் படிக்க விடவில்லை. தானே விரலை வைத்து, எழுத்துக் கூட்டாமல், நிதானமாக உரக்கப் படித்தார். படித்து முடித்து போன் பக்கம் குனிந்தார்.

"பாய், படிச்சுட்டேன்."

"நானும் படிச்சுட்டேம்மா" என்றார் பாய். "தமிழ்லதான் படிச்சேன். நீ கையெழுத்தைப் போடு. நாத்து விட்டாச்சா?"

"மொளை கட்டி வச்சிருக்கேன். இன்னைக்கு சாயங்காலம் தெளிச்சுடுவேன்" என்று சொல்லிக்கொண்டே அவர் பேனாவைக் கேட்டுக் கை நீட்டினார்.